புதுப்பிப்பு: பதிவுக்குப் பதிவு கிளிக் இப்போது பிரிந்து தெரிகிறது

"காலைப் பதிவுக்கும் இரவுப் பதிவுக்கும் ஒரே கிளிக் கணக்குத்தான் காட்டுது, ஏன்?"

சுருக்கிய லிங்க்கின் கிளிக் கணக்கைப் பற்றி நான் முன்பு இங்கே கேட்ட கேள்வி இது. பதில் சொன்னவர்களில் கல்முனை அண்ணா சொன்னதுதான் சரி. நீள முகவரி ஒன்றாகவே இருந்தால் நான் பாவிக்கும் சேவை முன்பு தந்த குட்டி லிங்க்கையே திரும்பத் தருகிறது, அதனால் மருதமுனைச் சேலைப் பக்கத்துக்கு நேரம் குறித்துப் போட்ட எல்லாப் பதிவுகளின் கிளிக்கும் ஒரே இடத்தில் குவிந்தது. இப்போது சுருக்குவதற்கு முன்பே முகவரியின் கடைசியை மாற்றிவிடுகிறேன்:

```
?utm_content=selai-kaalai
?utm_content=selai-iravu
```

டொமைன் பிழை என்ற தம்பி, CNAME சரியாகத்தான் இருந்தது, லிங்க் திறக்கிறதே. ஆனால் நீங்கள் சொன்ன பொட் விசயம் உண்மை: பதிவு வெளியான அந்த நொடியிலேயே சில கிளிக் விழுகிறது, முன்னோட்டப் படம் எடுக்க வருபவை. அவற்றை எப்படிக் கழிப்பது என்று இன்னும் பிடிபடவில்லை. ஏறாவூர் அக்கா, உங்கள் ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள் தொகை வேறு, கிளிக் வேறு.