ஒரே மதிப்பெண்கள், ஒரு ஷீட்டில் சராசரி 36, இன்னொன்றில் 27: தேர்வு எழுதாதவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பது?

நீலப்பேனா

வணக்கம். என் வகுப்பில் 20 பேர். மூன்றாவது தேர்வு 50 மதிப்பெண்ணுக்கு நடந்தது. 15 பேர் எழுதினார்கள். மீதி ஐந்து பேரில் மூவர் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கியவர்கள். ஒருவருக்கு அறுவை சிகிச்சை, மற்ற இருவர் போட்டிக்குப் போயிருந்தார்கள். கடைசி இருவர் எந்தத் தகவலும் இல்லாமல் வரவில்லை. தகவல் சொல்லாமல் வராதவருக்கு 0 என்பதும், அனுமதி பெற்றவருக்கு அந்தத் தேர்வே கணக்கில் வராது என்பதும் எங்கள் விதி.

எதை எப்படிப் போடுவது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஐந்து பேரின் கட்டத்தையும் காலியாக விட்டேன். எக்செல்லில் மதிப்பெண் ஷீட்டில் சராசரி 36 வருகிறது. ரிப்போர்ட் ஷீட்டுக்கு அதே மதிப்பெண்களை `=Marks!D2` என்று இழுத்து, அதே AVERAGE போட்டால் 27 வருகிறது. ஒரு மதிப்பெண்ணைக்கூட நான் மாற்றவில்லை. எது சரி? நாளை மறுநாள் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும்.

எட்டாம்பெஞ்ச்

ரிப்போர்ட் ஷீட்டில் காலிக் கட்டமெல்லாம் 0 ஆகியிருக்கும், பாருங்கள். 0 இல்லாதவற்றுக்கு மட்டும் சராசரி போட்டால் முடிந்தது:

```
=AVERAGEIF(D2:D21,"<>0")
```

நீலப்பேனா

நீங்கள் சொன்னது போலவே ஐந்து கட்டங்களிலும் 0 இருக்கிறது. ஆனால் இந்த ஃபார்முலா போட்டால் 38.57 வருகிறது! இப்போது மூன்று சராசரிகள் ஆகிவிட்டன.

கரும்பலகை

டீச்சர், எழுதிய 15 பேரில் யாராவது உண்மையிலேயே 0 வாங்கியிருக்கிறார்களா?

நீலப்பேனா

ஆமாம், ஒருவர் பெயரை மட்டும் எழுதிவிட்டு வெற்றுத்தாளைக் கொடுத்தார்.

கரும்பலகை

அதுதான் காரணம். உங்கள் 15 பேரின் கூட்டுத்தொகை 540. அதை 15-ஆல் வகுத்தால் 36. எட்டாம்பெஞ்ச் சொன்ன ஃபார்முலா வெற்றுத்தாள் கொடுத்தவரையும் வெளியே தள்ளிவிட்டதால் 540-ஐ 14-ஆல் வகுத்து 38.57 காட்டுகிறது. அவர் தேர்வுக்கு வந்தார், எழுதத் தெரியவில்லை. அந்த 0 உண்மையான மதிப்பெண், அது சராசரியில் இருந்தே ஆக வேண்டும்.

27 எப்படி வந்தது என்று சொல்கிறேன். எக்செல்லில் AVERAGE காலிக் கட்டத்தையும் எழுத்துள்ள கட்டத்தையும் எண்ணாது. ஆனால் வேறொரு கட்டத்தில் `=Marks!D7` என்று எழுதி, D7 காலியாக இருந்தால், எக்செல் அதை 0 என்று கொண்டுவரும். ரிப்போர்ட் ஷீட்டைப் பொறுத்தவரை அது காலிக் கட்டமே இல்லை, 0 என்ற எண். அதனால் 540-ஐ 20-ஆல் வகுத்து 27 தருகிறது. அனுமதி வாங்கிப் போன மூவருக்கும் யாரும் சொல்லாமலே பூஜ்யம் போட்டாயிற்று.

உங்கள் விதிப்படி வர வேண்டியது 36-உம் இல்லை, 27-உம் இல்லை. எழுதியவர் 15, தகவல் சொல்லாமல் வராதவர் 2, ஆக 17 பேர். 540-ஐ 17-ஆல் வகுத்தால் 31.76.

முதலில் காலியாக விடுவதை நிறுத்துங்கள். காலிக் கட்டம் என்றால் இன்னும் திருத்தவில்லையா, வரவில்லையா, விட்டுப்போனதா என்று யாருக்கும் தெரியாது. தகவல் இல்லாதவருக்கு AB, அனுமதி பெற்றவருக்கு EX என்று எழுதுங்கள். 0 என்பது எழுதி 0 வாங்கியவருக்கு மட்டும். பிறகு:

```
=SUM(D2:D21)/(COUNT(D2:D21)+COUNTIF(D2:D21,"AB"))
```

SUM எழுத்துகளைக் கண்டுகொள்ளாது, COUNT எண்களை மட்டும் எண்ணும். AB போட்டவர்கள் வகுக்கும் எண்ணிக்கையில் மட்டும் சேருவார்கள். அது அவர்களுக்கு 0 போட்டதற்குச் சமம். EX எங்கேயும் சேராது. AB, EX எழுதிய கட்டத்தை ரிப்போர்ட் ஷீட்டுக்கு இழுத்தாலும் அந்த எழுத்துதான் வரும், 0 ஆகாது.

மணியோசை

எங்கள் இணைய வகுப்பிலும் இதேதான் நடந்தது. நாங்கள் மூடில் (Moodle) என்ற இணையக் கற்றல் மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். அதில் காலி மதிப்பெண்களை விலக்கு என்ற அமைப்பு இருக்கிறது. அதில் டிக் எடுத்திருந்ததால், தேதியே வராத ஒப்படைப்புகளுக்கும் 0 கணக்காகி வருடத் தொடக்கத்திலேயே எல்லாரும் தோல்வி போலத் தெரிந்தது. டிக் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. உங்களுக்கும் அதைப் பார்த்தால் போதுமே?

கரும்பலகை

அவர் எக்செல்லில் செய்கிறார், மணியோசை. உங்கள் அமைப்பிலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த டிக் எல்லாக் காலிகளையும் ஒரேயடியாக விலக்கும். ஒப்படைப்பே செய்யாதவரும் அனுமதி பெற்றவரும் அதில் ஒன்றாகிவிடுவார்கள். செய்யாதவருக்கு 0 வேண்டுமென்றால் நீங்களே 0 என்று போட்டாக வேண்டும்.

நீலப்பேனா

AB, EX எல்லாம் எழுதிவிட்டேன். 31.76 வர வேண்டும் அல்லவா? 33.75 வருகிறது. அரை மணி நேரமாகப் பார்க்கிறேன், ஒன்றும் புரியவில்லை.

கரும்பலகை

33.75 என்றால் 540-ஐ 16-ஆல் வகுத்திருக்கிறது. இரண்டு AB-யில் ஒன்றுதான் எண்ணப்பட்டிருக்கிறது. ஒன்றில் AB-க்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. கட்டத்தில் இரட்டைக் கிளிக் செய்து கர்சர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

இனிமேல் இப்படி நடந்தால் உடனே தெரிய, பக்கத்திலேயே ஒரு சரிபார்ப்புக் கட்டம் வையுங்கள்:

```
=COUNT(D2:D21)+COUNTIF(D2:D21,"AB")+COUNTIF(D2:D21,"EX")
```

இது 20 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சராசரியைப் பார்க்கவே வேண்டாம், முதலில் விட்டுப்போன கட்டத்தைத் தேடுங்கள்.

நீலப்பேனா

ஆமாம்! D14-ல் இடைவெளி இருந்தது. ஃபோனில் அடித்தபோது விழுந்திருக்கும். இப்போது சரிபார்ப்பு 20, சராசரி 31.76. மிக்க நன்றி சார்.

தாள்திருத்தி

தாமதமாக வருகிறேன். என் அனுபவத்தில் இதற்கெல்லாம் எளிய வழி, எழுதாத ஐவருக்கும் வகுப்புச் சராசரி 36-ஐயே போட்டுவிடுவது. வகுப்புச் சராசரி துளியும் மாறாது, யாருக்கும் 0-உம் விழாது.

கரும்பலகை

சராசரி மாறாது என்பது உண்மை. 540-உடன் ஐந்து 36-ஐக் கூட்டினால் 720, அதை 20-ஆல் வகுத்தால் 36 தான். ஆனால் யாருக்கு என்ன போய்ச் சேருகிறது என்று பாருங்கள். நீலப்பேனா, அந்த ஐந்து பேரும் இரண்டாவது தேர்வில் எவ்வளவு வாங்கினார்கள்?

நீலப்பேனா

தகவல் சொல்லாத இருவரும் 19, 22. அனுமதி பெற்ற மூவர் 40, 41, 38. அந்தத் தேர்வை 20 பேரும் எழுதினார்கள், சராசரி 37.

கரும்பலகை

19 வாங்கியவருக்கு எழுதாமலே 36 கிடைக்கும், 41 வாங்கியவர் 36-க்கு இறங்குவார். எல்லாரும் நடுவில் வந்து குவிவதால் மதிப்பெண்களின் பரவலும் செயற்கையாகச் சுருங்கும். தனி மாணவர் ரிப்போர்ட்டில் இதைச் செய்யவே கூடாது என்பேன்.

இந்த எண்களில் இன்னொன்று இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. போன தேர்வில் 37, இந்தத் தேர்வில் எழுதியவர்களின் சராசரி 36. ஒரு மதிப்பெண்தான் குறைந்தது, பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் 37 என்பது 20 பேருக்கு, 36 என்பது 15 பேருக்கு. இரண்டாவது தேர்வில் மொத்தம் 740. எழுதாத ஐவருடைய 160-ஐக் கழித்தால் 580. அதை 15-ஆல் வகுத்தால் 38.67. அதாவது இதே 15 பேர் 38.67-இலிருந்து 36-க்கு இறங்கியிருக்கிறார்கள், ஏறக்குறைய 2.7 மதிப்பெண். 31.76-ஐ வைத்துப் பார்த்தால் 5-க்கு மேல் சரிந்தது போல இருக்கும். அதில் பாதி இருவர் வராததால் வந்தது. பாடம் புரிந்ததா என்று பார்க்க, இரண்டு தேர்வையும் எழுதியவர்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

எட்டாம்பெஞ்ச்

இதை நான் யோசிக்கவே இல்லை. சரி, தனி மாணவர் மொத்தம் எப்படிப் போடுகிறீர்கள்? அதையும் பார்த்துவிடுவது நல்லது.

நீலப்பேனா

`=SUM(B7:D7)/150`. EX என்று எழுதியதால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

கரும்பலகை

இல்லை டீச்சர், அங்கே EX மறுபடியும் 0 ஆகிவிடும். கூட்டலில் விட்டுவிட்டீர்கள், ஆனால் கீழே 150 அப்படியே இருக்கிறது. 7-ஆம் வரிசை யாருடையது?

நீலப்பேனா

அறுவை சிகிச்சைக்குப் போன பெண். முதல் தேர்வில் 42, இரண்டாவதில் 40. ஷீட்டில் 54.7 சதவீதம் என்று இருக்கிறது. அவள் அம்மா பார்த்தால் என்ன நினைப்பார், பாவம்.

கரும்பலகை

அவள் எழுதியது 100-க்கு, வாங்கியது 82. ஒவ்வொரு EX-க்கும் வகுக்கும் எண்ணில் 50 குறைய வேண்டும்:

```
=SUM(B7:D7)/(150-50*COUNTIF(B7:D7,"EX"))
```

82 சதவீதம் வரும். AB என்றால் 150 அப்படியே நிற்கும், உங்கள் விதிப்படி அது 0 தான். ஒருவருக்கு மூன்று தேர்வுமே EX என்றால் பூஜ்யத்தால் வகுத்துப் பிழை காட்டும். அது பிழையாகவே இருக்கட்டும், அவருக்கு மதிப்பிட ஒன்றும் இல்லை.

தாள்திருத்தி

ஒரு கேள்வி. மூன்றாவது தேர்வுதான் மூன்றிலும் கடினமானது, அந்த 15 பேரின் மதிப்பெண்ணே காட்டுகிறது. கடினமான தாளை எழுதாமல் 82 சதவீதம் பெற்றவரையும், மூன்றையும் எழுதி 81 பெற்றவரையும் ரேங்க் போட்டால், எழுதியவருக்கு அநியாயம் இல்லையா?

கரும்பலகை

நியாயமான கேள்வி, சார். ரேங்க் போட்டால் அந்தச் சிக்கல் இருக்கத்தான் செய்கிறது. ஒவ்வொரு தேர்விலும் வகுப்புச் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே என்று பார்த்து ஒப்பிடலாம்; ஆனால் இரண்டே தேர்வை வைத்துச் சொல்வது பலவீனமான கணிப்பு. எனக்குப் பிடித்தது மாற்றுத்தேர்வு. அது முடியாவிட்டால் EX உள்ளவர்களுக்கு ரேங்க் போடாமல் சதவீதம் மட்டும் கொடுப்பேன்.

மணியோசை

தகவல் சொல்லாமல் வராதவருக்கு 0 போடுவதே எனக்கு ஒப்பவில்லை. அந்த 0 அவருக்குப் பாடம் தெரியாது என்று சொல்கிறது. அவர் வரவில்லை என்பதுதானே உண்மை?

தாள்திருத்தி

0 இல்லையென்றால் படிக்காதவன் அன்றைக்கு வராமல் இருந்துகொள்வான், மேடம். நான் பார்த்திருக்கிறேன்.

நீலப்பேனா

விதியை நான் ஒருத்தியாக மாற்ற முடியாது. ரிப்போர்ட்டில் இப்படி எழுதப் போகிறேன்: எழுதியவர்கள் 15, அவர்களின் சராசரி 36, தகவல் இன்றி வராத 2 பேரைச் சேர்த்தால் 31.8, அனுமதி பெற்ற 3 பேர் இரண்டிலும் சேரவில்லை. அந்த மூவருக்கும் மாற்றுத்தேர்வு வைக்க அனுமதி கேட்டிருக்கிறேன். 19-உம் 22-உம் வாங்கிய இருவரின் வீட்டுக்கும் இன்று மாலை ஃபோன் செய்கிறேன், ஏன் வரவில்லை என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.