வெட்டு மதிப்பெண்ணா, தேர்ச்சிக் கோடா?

கணித ஆசிரியை, மதுரை:
வணக்கம். எட்டாம் வகுப்புக் கணிதத்துக்கு 20 கேள்விகளில் ஒரு தேர்வு வைக்கிறோம். எல்லாமே நான்கில் ஒரு விடையைத் தேர்ந்தெடுப்பவை. நூற்றுக்கு 35 என்ற பழக்கத்தை விட்டு, கேள்விகளைப் பார்த்து ஆசிரியர்களே தேர்ச்சி மதிப்பெண்ணை முடிவு செய்யப் போகிறோம். சுற்றறிக்கையில் ‘வெட்டு மதிப்பெண்’ என்று எழுதலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவை:
கட்-ஆஃப் தானே அம்மா? கணக்குக்கு 100, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது, மொத்தம் 200. பேத்தியின் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் பார்த்தோம். எட்டாம் வகுப்புக்கு அது எதற்கு?

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா சொல்வதை நாங்கள் ‘வெட்டுப்புள்ளி’ என்போம். சேர்க்கைக்கு இருக்கிற இடங்களைப் பொறுத்து அது ஏறி இறங்கும். ரீச்சர் கேட்பதில் இடக்கணக்கே இல்லை, எல்லாப் பிள்ளைகளும் தேறலாம். ஆகவே ‘வெட்டு’ வேண்டாம். ‘தேர்ச்சிக் கோடு’ நல்லது.

அறிவியல் ஆசிரியர், திருச்சி:
முறை எனக்குத் தெரியும். சராசரி மாணவன் ஒவ்வொரு கேள்விக்கும் என்ன செய்வான் என்று ஊகித்துக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

வினாத்தாள் குழுவில் இருந்தவர், சென்னை:
கூட்டுவது சரி. ஆனால் சராசரி மாணவனை வைத்தால் கோடு ஏறிவிடும். நினைக்க வேண்டியது தட்டுத் தடுமாறித் தேறும் பிள்ளையை. இது ஆங்காஃப் முறை.

‘3/4 + 1/8 = ?’ என்ற கேள்வியை எடுங்கள். விடைகளில் 4/12ம் இருக்கிறது, தடுமாறும் பிள்ளை அங்கேதான் விழும். அப்படிப்பட்ட நூறு பேரில் எத்தனை பேர் 7/8 என்று சரியாகப் போடுவார்கள்? ஐந்து ஆசிரியர்கள் 50, 60, 55, 90, 45 என்கிறார்கள். 90 சொன்னவர் தன் முதல் பெஞ்சு மாணவர்களை நினைத்திருக்கிறார். பேசிய பிறகு 70 ஆக்குகிறார். சராசரி 56, அதாவது 0.56 மதிப்பெண். இப்படி இருபதையும் கூட்டி 11.4 வந்தால் அதுதான் கோடு. தாள் கடினமானால் கோடு தானே இறங்கும்.

யாரும் 25க்குக் கீழே சொன்னால் காரணம் கேளுங்கள், கண்ணை மூடிக் குறித்தாலே நூற்றில் 25 பேருக்கு விழும். பழைய 35 சதவீதம் இந்தத் தாளில் 7 மதிப்பெண். குருட்டுக் குறியிலேயே சராசரியாக 5 வந்துவிடும்.

திருச்சி:
சரி, புரிகிறது. அந்தப் பிள்ளையை ‘விளிம்புநிலை மாணவர்’ எனலாமா?

யாழ்ப்பாணம்:
வேண்டாம். ஒடுக்கப்பட்டவர்களைக் குறிக்க அந்தச் சொல் நிலைத்துவிட்டது, பெற்றோர் வேறு விதமாக எடுத்துக்கொள்வார்கள். ‘எல்லை மாணவர்’ போதும்.

மதுரை:
‘தேர்ச்சிக் கோடு’ என்றே எழுதுகிறேன். ‘எல்லை மாணவர்’ கொஞ்சம் வறட்சியாக இருக்கிறது. சுற்றறிக்கையில் ‘தட்டுத் தடுமாறித் தேறும் பிள்ளை’ என்றே விட்டுவிடுகிறேன். அப்புறம், 11.4 வந்தால் 11ஆ, 12ஆ?

சென்னை:
11. தேற வேண்டிய பிள்ளையை நிறுத்தி வைப்பதுதான் பெரிய தவறு.

கோவை:
அடிப்படை தெரியாமல் ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்புவதும் சின்னத் தவறில்லையே ஐயா. நான் 12 என்பேன்.