அம்மம்மா புரண்டு படுத்தாலே மணி ஒலிக்கிறது: இரண்டாவது அழுத்த விரிப்பை எங்கே வைப்பது?

கிளிநொச்சியில் எங்களுடன் வாழும் அம்மம்மா இரவில் எழுந்தால் அடுத்த அறையில் மெல்லிய மணி ஒலிப்பதற்காக, அழுத்தினால் சுற்று மூடும் இருகம்பி விரிப்பொன்றைச் சென்ற மாதம் அவரது இடுப்புக்கு நேரே மெத்தையின் அடியில் வைத்தோம். மெலிந்த உடல் என்பதால், அவர் சுவர்ப்பக்கம் ஒருக்களித்தாலே தொடர்பு விடுபட்டு மணி ஒலிக்கிறது.

தாமதத்தை 2 செக்கனிலிருந்து 15 செக்கனாக உயர்த்தியதும் பொய்யொலி குறைந்தது; ஆனால் நாங்கள் போவதற்குள் அவர் தனியே விறாந்தைக்கு வந்துவிடுகிறார், அதுவே எங்கள் பெரும் அச்சம். அடியில் ஒட்டுப்பலகை வைத்தும் பயனில்லை. மெத்தைக்கு மேலே வைத்தால் நன்றாக உணர்கிறது, ஆனால் தோல் சிவக்கிறது.

இன்னொரு விரிப்பைச் சமாந்தரமாக இணைத்தால், இரண்டும் விடுபடும்போது மட்டுமே மணி ஒலிக்கும் என்பதால் தாமதத்தை 5 செக்கனாகக் குறைக்க எண்ணுகிறோம். அதைத் தோளுக்கு நேரே வைப்பதா, இடுப்பருகே சுவர்ப்பக்கம் வைப்பதா?