மாமா எழுதிய தொகைக்கும் கையில் இருந்த தொகைக்கும் நடுவில் நான்: உயில் அனுபவம்

ஈசூன்வாசி

போன வருஷம் தாய்மாமா இறந்தார். 2019இல் எழுதிய உயிலில் என்னைத்தான் நிறைவேற்றுபவராகப் போட்டிருந்தார். இங்கே சிங்கப்பூரில் இதே பொறுப்பு உங்களில் யாருக்காவது வரலாம் என்பதால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

உயில் இரண்டே பக்கம். பாட்டியின் காசுமாலை என் அக்கா மகளுக்கு. கடைசி வருஷங்களில் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட என் அக்காவுக்கு 40,000 வெள்ளி. அவருடைய தம்பி, அதாவது என் சின்ன மாமாவுக்கு 20,000. மாமா நாற்பது வருஷம் தொண்டு செய்த கோயிலுக்கு 20,000. "மற்றதெல்லாம் என் மகனுக்கு" என்று கடைசி வரி. உயில் எழுதியபோது அந்த "மற்றதெல்லாம்" பெரிய தொகையாக இருந்திருக்கும். மகனுக்கே அதிகம் போகட்டும் என்றுதான் அப்படி எழுதினார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இறந்தபோது வங்கியில் 71,000, பங்குகள் 14,000. காசுமாலையைச் சேர்க்காமல் 85,000. உயிலை நிறைவேற்ற நீதிமன்றம் தருகிற அனுமதி, புரோபேட், கைக்கு வந்த வாரம் தைப்பூசம் நெருங்கியிருந்தது. மாமா ஆசைப்பட்டது முதலில் நடக்கட்டும் என்று நான் எழுதிய முதல் காசோலையே கோயிலுக்கு, முழு 20,000. அலுவலகத்தில் வைத்து ரசீது கொடுத்தார்கள், சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

இரண்டு வாரம் கழித்து வங்கியிலிருந்து கடிதம். மாமா தனிநபர் கடன் வாங்கியிருக்கிறார், பாக்கி 19,000. காப்பீடு அடைத்துவிடும் என்று நினைத்தேன். அந்தக் கடனுக்குக் காப்பீடே இல்லை. மருத்துவமனைக்கு 9,000, இறுதிச் சடங்குக்கு 6,000, வழக்கறிஞர், நீதிமன்றச் செலவு 3,000. ஆக 37,000. மிச்சம் 48,000. எழுதிக் கொடுத்ததோ 80,000.

இப்போது யாருக்கு எவ்வளவு? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தேக்கா அக்கா

தம்பி, எங்கள் வீட்டிலும் இப்படி நடந்தது. உயிலில் முதலில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு முதலில், அடுத்தவருக்கு அடுத்து. கடைசியில் இருப்பவருக்குக் கிடைத்தால் கிடைக்கும். மாமனார் உயிலில் அப்படித்தான் பிரித்தோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜாலான் புசார்

வாப்பா மௌத்தானபோது நாங்களும் இதைப் பார்த்தோம். கடனெல்லாம் அடைத்த பிறகு 90,000. அதில் மூன்றில் ஒரு பங்குதான் வஸிய்யத்துக்கு, உயிலாகச் சொல்லிக் கொடுப்பதற்கு, அதாவது 30,000. வாரிசு அல்லாத மூன்று பேருக்கு வாப்பா சொல்லியிருந்தது மொத்தம் 50,000. வாரிசுகள் கூடுதலாகக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. அதனால் மூன்று பேருக்கும் சொன்னதில் 60 சதவீதம்தான் போனது. உங்களுக்கும் மூன்றில் ஒன்று கணக்கு வரும், பாருங்கள்.

பழைய எழுத்தர்

வழக்கறிஞர் அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் புரோபேட் வேலை பார்த்தவன். சொல்கிறேன்.

ஜாலான் புசார் சகோதரரே, மூன்றில் ஒன்று என்பது முஸ்லிம்களின் சொத்துக்கு. இவர் மாமாவுக்கு அது பொருந்தாது. ஆனால் குறைகிறபோது எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறைப்பது என்று நீங்கள் சொன்ன அந்த முறை இங்கேயும் உண்டு.

தேக்கா அக்கா, எழுதிய வரிசைக்கு மதிப்பு கிடையாது. "இதை எல்லாவற்றுக்கும் முன்பாகக் கொடு" என்று எழுதியவரே தெளிவாகச் சொல்லியிருந்தால்தான் முன்னுரிமை. உங்கள் குடும்பத்தில் யாரும் கேள்வி கேட்காததால் அது நடந்தது, சட்டப்படி இல்லை.

கடன் எதிலிருந்து போகும் என்பதற்கு வரிசை இருக்கிறது. முதலில் "மற்றதெல்லாம்" என்று எழுதிய பகுதி கரையும். அது தீர்ந்த பிறகுதான் இவ்வளவு வெள்ளி என்று எழுதிய தொகைகளில் கை வைப்பார்கள். அவையும் தீர்ந்தால்தான் இன்ன பொருள் என்று சுட்டிக் கொடுத்ததைத் தொடுவார்கள். அதனால் காசுமாலை அக்கா மகளுக்கு அப்படியே போகட்டும். கடன் 85,000ஐத் தாண்டியிருந்தால் மட்டுமே அதை விற்கும் பேச்சு வரும்.

மூன்று தொகைகளும் ஒரே படியில் நிற்கின்றன. 80,000க்கு 48,000 இருக்கிறது, 60 சதவீதம். அக்காவுக்கு 24,000. சின்ன மாமாவுக்கு 12,000. கோயிலுக்கும் 12,000தான். கோயில் என்பதற்காகவோ ரத்த சொந்தம் என்பதற்காகவோ யாருக்கும் அதிகம் கிடையாது. மகனுக்கு இந்த உயில் வழியாக ஒன்றும் இல்லை.

இதை எத்தனையோ முறை பார்த்து வருந்தியிருக்கிறேன். அதிகப் பாசம் வைத்தவருக்குத்தான் "மீதி எல்லாம்" என்று எழுதுவார்கள். முதலில் கரைவதும் அந்த மீதிதான்.

செங்காங் சுப்பு

மகனுக்கு ஒன்றும் இல்லையா? வீடு இருக்குமே! வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு எல்லோருக்கும் முழுசாகக் கொடுக்க வேண்டியதுதானே? மத்திய சேம நிதிப் பணமும் இருந்திருக்கும். எங்கள் அப்பாவுடைய மசேநிதி வர ரொம்ப நாள் ஆனது, நியமனம் செய்யாமல் போய்விட்டார். அந்த அனுபவத்தைத் தனியாக எழுதுகிறேன்.

ஈசூன்வாசி

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு மாமா, மகன் இரண்டு பேர் பெயரிலும் கூட்டு உரிமையாக இருந்தது அண்ணே. மாமா போனதும் அது நேராக மகனுக்குப் போய்விட்டது, உயிலுக்குள் வரவில்லை. மசேநிதிக்கும் மகனையே நியமித்திருந்தார். அந்தப் பணம் கடனுக்கும் போகாது, மற்றவர்களின் தொகைக்கும் போகாது என்று வழக்கறிஞர் சொன்னார். அதனால் மச்சான் வெறும் கையோடு நிற்கவில்லை. அந்த அளவில் மனசுக்கு ஆறுதல்.

எழுத்தர் ஐயா, இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. போன வாரம் மாமாவின் பழைய நண்பர் ஒருவர் வந்தார். மாமா கையெழுத்துப் போட்ட தாள், 4,000 வெள்ளி கைமாற்று. கையெழுத்து மாமாவுடையதுதான், அந்த வளைந்த "ரா" எனக்குத் தெரியும். அப்படியானால் கணக்கு மாறுமா?

பழைய எழுத்தர்

மாறும். 44,000 ஆகிறது, 55 சதவீதம். அக்காவுக்கு 22,000, மற்ற இருவருக்கும் தலா 11,000.

இனி நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். கோயிலுக்கு 20,000 போய்விட்டது. கையில் 24,000தான். அக்காவுக்கும் சின்ன மாமாவுக்கும் சேர வேண்டியது 33,000. இடையில் விழுகிற 9,000ஐ அவர்கள் உங்களிடம் கேட்கலாம், உங்கள் சொந்தப் பணத்திலிருந்து.

கோயிலிடம் கூடுதலாகப் போனதைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் நிறைவேற்றுபவர் தானாக முழுத் தொகை கொடுத்தால், போதிய சொத்து இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டதாகத்தான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். பிறகு தெரியவந்த கடனால் குறைந்தது என்று காட்டினால் கேட்க இடம் உண்டு. வங்கிக் கடனும் கைமாற்றும் அப்படிப்பட்டவை. மருத்துவமனை, சடங்கு, வழக்கறிஞர் செலவு 18,000 மட்டும் காசோலை எழுதிய அன்றே உங்களுக்குத் தெரியும். அன்றே கூட்டிப் பார்த்திருந்தால் 67,000 இருந்தது, கோயிலுக்கு 16,750தான் வந்திருக்கும். அதற்கு மேல் கொடுத்த 3,250ஐக் கேட்பதில் உங்கள் பக்கம் பலம் குறைவு.

கடன்காரர்களுக்கு அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்புப் போட்டீர்களா? இரண்டு மாதத்துக்குக் குறையாமல் கெடு வைத்து, கெடு முடிந்து, தெரிந்த கடன்களை அடைத்து, பிறகு பிரித்திருந்தால், பின்னால் வருகிற தெரியாத கடனுக்கு நீங்கள் பொறுப்பாக மாட்டீர்கள். மேலும், இறந்து ஒரு வருஷம் ஆவதற்குள் பிரித்துக் கொடு என்று நிறைவேற்றுபவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அந்த வருஷம் இதற்காகத்தான் இருக்கிறது.

ஈசூன்வாசி

அறிவிப்புப் போடவில்லை ஐயா. எல்லோரையும் எனக்குத் தெரியும், மாமாவுக்கு வெளியில் கடன் இருக்காது என்று நம்பினேன்.

கோயில் பொருளாளரைப் பார்த்தேன். கணக்குத் தாளை விரித்து வைத்து ஒவ்வொரு வரியாகக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். தான் மட்டும் முடிவு சொல்ல முடியாது, நிர்வாகக் குழு கூடட்டும் என்றார். சின்ன மாமா என்னிடம் பேசுவதில்லை. அக்காவுக்குத்தான் பெரிய தொகை என்பதால் நான் கூடப்பிறந்தவளுக்குச் சாதகமாகக் கணக்குப் போடுகிறேன் என்று நினைக்கிறார்.

தேக்கா அக்கா

பார்த்துக்கொண்ட பெண்ணுக்கும் பாதிதானா? அது கூலி மாதிரி அல்லவா? அவளுக்காவது முழுசாகக் கொடுக்கக் கூடாதா?

பழைய எழுத்தர்

நன்றிக்காகக் கொடுத்தது அன்பளிப்புதான் அம்மா. நிறைவேற்றுபவரின் உழைப்புக்காக ஒரு தொகை எழுதியிருந்தாலும் அதுவும் மற்றவற்றோடு சேர்ந்தே குறையும். ஆனால் மாமா அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே கடன்பட்டிருந்தால் அது வேறு கதை.

ஈசூன்வாசி

ஐயா, அதைத்தான் கேட்க நினைத்தேன். அக்கா தன் பணத்தில் மாமாவின் மருந்துக்கும் பணிப்பெண் சம்பளத்துக்கும் 6,000 வரை செலவு செய்திருக்கிறாள். "உன் காசைத் திருப்பித் தருகிறேன்" என்று மாமா சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். பில்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறாள்.

பழைய எழுத்தர்

கடன் என்று நிரூபித்தால் 6,000 முன்னால் போகும். மிச்சம் 38,000, 47.5 சதவீதம். அக்காவுக்கு 6,000மும் 19,000மும், ஆக 25,000. சின்ன மாமாவுக்கு 9,500. உங்கள் மேல் விழுகிற குறை 9,000இலிருந்து 10,500 ஆகும். தெரிந்தே இதில் இறங்குங்கள்.

இரண்டு தடை உண்டு. கடன்கொடுத்தவருக்கே கடனுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ உயிலில் எழுதினால், அதிலேயே கடன் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்கிற பழைய விதி ஒன்று இருக்கிறது. உயிலுக்குப் பிறகு வந்த கடனுக்கு அது பொருந்தாது. ஆகவே பில்களின் தேதியைப் பாருங்கள். இரண்டாவது, திருப்பித் தருவதாகச் சொன்னதற்குச் சாட்சி நீங்கள்தான். கூடப்பிறந்த தம்பி, நிறைவேற்றுபவர், இரண்டும் நீங்களே. அந்தச் சாட்சியை எவ்வளவு நம்புவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அக்காவுக்குத் தனி வழக்கறிஞர் இருப்பது நல்லது.

செங்காங் சுப்பு

மாமா பையன் தன் பங்காக வந்த வீட்டிலிருந்து ஏதாவது கொடுத்து உதவ மாட்டாரா?

ஈசூன்வாசி

கேட்க எனக்கு உரிமை இல்லை அண்ணே. அவனாகத்தான் முன்வர வேண்டும்.

நேற்று ராத்திரி டின்னைத் திறந்தோம். மருந்து பில்கள் பலவற்றில் மை மங்கிவிட்டது, டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தேதி தெரிகிறது. படிக்க முடிந்தவரை எல்லாம் 2022, 2023. ஒன்றே ஒன்று, சக்கர நாற்காலி வாங்கிய ரசீது, 2018. அதை அக்கா தனியாக எடுத்து வைத்துவிட்டாள். மற்றவற்றை மாதவாரியாக அடுக்கி நகல் எடுத்திருக்கிறோம். திங்கட்கிழமை அவளே வேறொரு வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறாள், நான் கூடப் போகவில்லை. சின்ன மாமாவுக்கு முழுக் கணக்குத் தாளையும் வங்கிக் கடிதத்தின் நகலையும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.