எலும்போரம் சிவப்பாக இருந்தால் கோழி வேகவில்லையா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கல்லடி

போன ஞாயிறு மகளின் பிறந்தநாள். சனிக்கிழமை இரவே பிறீசரில் இருந்த ஆறு கோழிக்கால்களை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்து, காலையில் மசாலா பூசி, 200 பாகையில் 45 நிமிடம் அவணில் வைத்தேன். மேலே நல்ல பொன்னிறம். மாமி ஒன்றைப் பிட்டுப் பார்த்தா. மூட்டுப் பக்கம் எலும்பைச் சுற்றிக் கருஞ்சிவப்பு. "இது பச்சை ரத்தம், பிள்ளைகளுக்குக் குடுக்காதே" என்று தட்டைத் தள்ளிவிட்டா. மீண்டும் 20 நிமிடம் வைத்தேன். சதை தும்பு போலக் காய்ந்துவிட்டது, அந்தச் சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது. வந்தவர்கள் முன்னால் அழுகையே வந்துவிட்டது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? எதைப் பார்த்து வெந்தது என்று முடிவு செய்கிறீர்கள்?

களுவாஞ்சிக்குடி

தொடையின் தடித்த இடத்தில் ஈர்க்கால் குத்திப் பாருங்கள் தங்கச்சி. வடியும் தண்ணீர் தெளிவாக இருந்தால் வெந்தது, சிவப்பாக இருந்தால் வேகவில்லை. என் அம்மா காலத்திலிருந்து இதுதான் கணக்கு. இதுவரை பிழைத்ததில்லை.

காத்தான்குடி

நான் கத்தாரில் ஒரு ஹோட்டல் குசினியில் 11 வருடம் நின்றவன். தங்கச்சி, ஒன்று கேட்கிறேன். அந்தச் சிவப்பு இருந்த இடத்தில் சதை எப்படி இருந்தது? கண்ணாடி போல வழுவழுவென்று எலும்பைப் பிடித்துக்கொண்டு இருந்ததா, இல்லை நாராகப் பிரிந்து எலும்பைவிட்டுக் கழன்று வந்ததா?

கல்லடி

கழன்று வந்தது நானா. முதல் தடவையே இலேசாகத்தான் வந்தது. நிறம் மட்டும்தான் அப்படி.

காத்தான்குடி

அப்படியென்றால் முதல் 45 நிமிடத்திலேயே அநேகமாக வெந்திருக்கும். நீங்கள் பார்த்தது எலும்பு மச்சையின் நிறம். புறொய்லர் கோழியை ஐந்து, ஆறு கிழமையிலேயே வெட்டிவிடுகிறார்கள். அந்த வயதில் எலும்பு இறுகியிருக்காது, நுண்ணிய துளைகளோடு இருக்கும். பிறீசரில் உறையும்போது உள்ளே இருக்கும் மச்சை உடைந்து, உருகும்போது எலும்புக்கு வெளியே கசிந்து பக்கத்துச் சதையில் ஊறும். வேகும்போது அது கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ நிற்கும். எவ்வளவு நேரம் வைத்தாலும் போகாது. அதனால்தான் சதை காய்ந்தது, சிவப்பு போகவில்லை.

நான் ஒருமுறை இதைச் செய்தே பார்த்தேன். அன்று வெட்டிய கோழியின் கால் ஒன்று, பிறீசரில் இருந்தது ஒன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, உள்ளே 78 பாகை வந்ததும் எடுத்தேன். புதுக்காலில் எலும்போரம் மண்ணிறம், மற்றதில் கருஞ்சிவப்பு. இரண்டும் ஒரே அளவு வெந்தவை.

கோழிக்குக் கணக்கு 74 பாகை. கம்பி வெப்பமானியைத் தொடையின் தடித்த சதையில் குத்த வேண்டும், எலும்பில் முட்டக் கூடாது. எலும்பில் முட்டினால் சதையின் சூடு சரியாகத் தெரியாது. ஒரே இடத்தை நம்பாமல் இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள். எல்லா இடத்திலும் 74 காட்டினால் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

களுவாஞ்சிக்குடி அண்ணன் சொன்னதில் பாதி சரி. இளஞ்சிவப்புத் தண்ணீர் வந்தால் இன்னும் கொஞ்சம் வைப்பதில் பிழையில்லை. ஆனால் 74 வருமுன்பே தெளிவான தண்ணீர் வடிந்ததையும் பார்த்திருக்கிறேன், 80 தாண்டியும் சிவந்து வடிந்ததையும் பார்த்திருக்கிறேன்.

திருக்கோவில்

மனே, நாங்கள் ஊர்க்கோழிதான் சமைப்போம், எலும்பில் சிவப்பே கண்டதில்லை. மீன் என்றால் நடுமுள்ளைப் பார்ப்பேன். பாரையை முள்ளோரம் கரண்டிக் காம்பால் இலேசாகத் தூக்கினால் சதை வெள்ளையாக மடல் மடலாக விட வேண்டும். முள்ளோடு ஒட்டிக்கொண்டு கண்ணாடியாகத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் கொதிக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கோ. தேசிக்காய்ப்புளி ஊற்றி வைத்தால் பச்சை மீனும் வெள்ளையாகிவிடும். என் மருமகள் அப்படி ஊறின மீனைத் தாச்சியில் ஒரு புரட்டுப் புரட்டி, வெள்ளையாக இருக்கே என்று எடுத்தாள். நடுவில் தொட்டேன், குளிராகவே இருந்தது.

காத்தான்குடி

அம்மா சொன்னது மிகச் சரி. புளி நிறத்தை மாற்றும், நெருப்பின் வேலையைச் செய்யாது. கிருமி அப்படியே இருக்கும். ஊர்க்கோழியை வயது போன பிறகு அடிப்பதால் எலும்பு இறுகியிருக்கும், மச்சை கசியாது.

கல்முனை

எனக்கும் மீனில்தான் நடந்தது. சூரை வாங்கிக் கறி வைத்தோம், ஒரு மணித்தியாலம் அடுப்பில் கிடந்தது, உள்ளே சிவப்பு ஒரு துளியும் இல்லை. சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து, வாயைச் சுற்றிக் கடித்தது, தலைவலி. வேகாமல்தான் அப்படி ஆனதா?

காத்தான்குடி

இல்லை தம்பி, இது வேகாததால் வருவதில்லை. சூரையை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்திருந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற ஒன்று கூடிவிடும். எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது, மீனின் நிறத்திலும் தெரியாது. வாங்கும் இடத்தில் ஐஸ் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பயம் அரைத்த மாட்டிறைச்சியில். கோழியில் சிவப்பைப் பார்த்து வீணாகக் காய வைக்கிறோம். இதில் மண்ணிறத்தைப் பார்த்து வேகாததைச் சாப்பிடுகிறோம். அரைத்து ஒரு நாள் பிரிட்ஜில் கிடந்த இறைச்சி உள்ளே தானாகவே மங்கி மண்ணிறமாகிவிடும். அதை பர்கருக்குத் தட்டிப் பொரித்தால் 55, 60 பாகையிலேயே நடுவில் வெந்தது போலத் தெரியும். வேண்டியது 71. முழுத் துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் வெளிப்பக்கம்தான், அரைக்கும்போது அது உள்ளே கலந்துவிடும். புதிதாகப் பொறுப்பேற்ற பையன் ஒருவன் வெட்டிப் பார்த்து "வெந்துட்டு நானா" என்று தட்டில் வைத்தான். நான் குத்திப் பார்த்தபோது 58. மொத்தத் தட்டையும் அடுப்புக்குத் திருப்பினேன்.

அக்கரைப்பற்று

அப்போ கரியில் வாட்டிய கோழியில் தோலுக்குக் கீழே ஒரு இளஞ்சிவப்பு வளையம் வருமே, அது? கடற்கரையில் சுட்டு அப்படி வந்ததைப் பலபேர் சாப்பிடாமல் விட்டார்கள்.

காத்தான்குடி

புகையில் இருக்கும் வாயுக்கள் சதையின் நிறச்சத்தோடு சேர்ந்து அந்த நிறத்தைப் பிடித்துவைக்கும். தோலோரம் மட்டும் வளையமாக இருந்தால் அதுதான் காரணம். நடு வரைக்கும் இளஞ்சிவப்பு என்றால் குத்திப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன்.

களுவாஞ்சிக்குடி

வெப்பமானி இல்லாத வீட்டில் என்ன செய்வது? எல்லாரும் குத்திக்கொண்டா நிற்கிறார்கள்? நான் ஈர்க்கை விடமாட்டேன்.

காத்தான்குடி

கறிக்கு அது பெரிய பிரச்சினை இல்லை அண்ணன். சிறு துண்டாக வெட்டி, ஆணம் நன்றாகக் கொதித்து, அரை மணித்தியாலம் மூடி வைத்தால் நடுவும் வெந்துவிடும். முழுக்கோழி, கால், பர்கர் என்றால்தான் நான் விடாமல் சொல்கிறேன்.

கல்லடி

ஒரு வெப்பமானி வாங்கினேன் நானா. முதலில் கொதிக்கும் தண்ணீரில் பிடித்தேன், 100 காட்டியது. நேற்று அதே பிறீசர்க் கால்கள். 40 நிமிடத்தில் தொடையில் 79, இன்னொரு இடத்தில் 81. வெட்டினால் மூட்டில் அதே கருஞ்சிவப்பு, ஆனால் சதை நாராகப் பிரிந்து சாறோடு இருந்தது. மகள் இரண்டு கால் சாப்பிட்டாள். மாமி வெப்பமானியைப் பார்த்தா, காலையும் பார்த்தா. மூட்டுப் பக்கத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதியைச் சாப்பிட்டா.