லாரிப் புழுதிக்கு மூடாத ஆட்டோ ரீசர்க்குலேஷன்: உங்கள் அனுபவம் என்ன?

படப்பைவாசி: வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முன்னால் போகும் வண்டியே தெரியாது. அப்போதுகூட ஏசி ஆட்டோவில் இருந்தால் வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. டாஷ்போர்டில் வெள்ளையாகத் தூள் படிகிறது. ஆனால் சிக்னலில் பழைய டீசல் வேன் ஒன்று முன்னால் நின்றால் சில நொடிகளிலேயே வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்க்குலேஷன் விளக்கு தானாக எரிகிறது. சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கோவை டீசல்: சென்சாரில் மண் அடைத்திருக்கும், துடைத்தாலே போதும். அப்படியே கார்பன் ஃபில்டரும் போட்டுவிடுங்கள். நான் போட்ட பிறகு புழுதி வாசனையே இல்லை.

மதுரை ஏசி மெக்கானிக்: சென்சாரை மாற்றாதீர்கள், அது நன்றாகத்தான் வேலை செய்கிறது. வெளிக்காற்று நுழையும் பாதையில் இருக்கும் அந்தச் சின்ன சென்சாருக்குத் தெரிந்தது வாயு மட்டும்தான்: பெட்ரோல் வண்டியின் கார்பன் மோனாக்ஸைடு, டீசல் வண்டியின் நைட்ரஜன் ஆக்ஸைடு, அந்த மாதிரி. கல்தூளில் வாயு ஏது? எவ்வளவு பறந்தாலும் அதற்குத் தெரியாது. சந்தேகம் இருந்தால் சாவியைப் போட்டு, புளோயரைக் குறைத்து வைத்து, சானிடைசர் நனைத்த பஞ்சை சென்சார் பக்கம் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் குளோவ்பாக்ஸ் பக்கம் காதை வையுங்கள். வெளிக்காற்றை அடைக்கும் தடுப்பு மூடும் மோட்டார் சத்தம் கேட்டால் சென்சார் உயிரோடு இருக்கிறது. கோவை நண்பருக்கு ஒரு வார்த்தை: கார்பன் பிடிப்பது நாற்றத்தை. தூசியைப் பிடிப்பது அதோடு சேர்ந்த மடிப்புத் துணி. நீங்கள் போட்டது புது ஃபில்டர் என்பதால்தான் வித்தியாசம் தெரிந்திருக்கும்.

வடசென்னை: போகி விடியலில் எனக்கு நேர்மாறாக நடந்தது. தெருவுக்கு வந்ததுமே டயர் புகைக்கு மூடிக்கொண்டது, சரி. கொஞ்ச தூரம் போனதும், புகை அப்படியே இருக்க, தானாகத் திறந்துகொண்டது. உள்ளே பி.எம். 2.5 எண் மளமளவென்று ஏறியது. அந்த எண் ஏறினால் மூட வேண்டாமா?

மதுரை ஏசி மெக்கானிக்: நீங்கள் பார்க்கும் எண் வேறொரு சென்சாருடையது. அது உள்காற்றை உறிஞ்சி, அதன்மேல் ஒளி பாய்ச்சித் துகளை அளப்பது. பல வண்டிகளில் அது எண்ணைக் காட்டுவதோடு சரி, அந்தத் தடுப்புக்கு உத்தரவு போடாது. தடுப்பை ஆட்டுவது வாயு சென்சார். அது பார்ப்பது திடீர் ஏற்றத்தை. ஊர் முழுக்க ஒரே புகை என்றால் அதையே வழக்கமான காற்றாக எடுத்துக்கொண்டு திறந்துவிடும். கண்ணாடி வேர்க்காமல் இருக்க, நேரக் கணக்கு வைத்துத் திறக்கும் வண்டிகளும் உண்டு. போகி, குப்பைமேட்டுத் தீ மாதிரி நேரங்களில் ஆட்டோவை நம்பாமல் பொத்தானை நீங்களே அழுத்துங்கள்.

கொடைக்கானல் சாலை: எனக்கும் இதே தொல்லைதான். மழையில் ரீசர்க்குலேஷன் போட்டால் முன்கண்ணாடி முழுக்கப் பனி மூடிவிடுகிறது. சென்சார் கோளாறா?

மதுரை ஏசி மெக்கானிக்: இல்லை அண்ணா, அது மூச்சின் ஈரம். முன்கண்ணாடிப் பொத்தானை அழுத்துங்கள், வெளிக்காற்றும் ஏசியும் சேர்ந்து வரும்.

குவாரி சூப்பர்வைசர்: புழுதியில் மூடச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் கிரஷர் பாதையில் வெளிக்காற்றை வைத்து புளோயரை மூன்றில் ஓட்டுவோம். உள்ளே காற்றழுத்தம் கூடும், கதவு இடுக்கில் தூள் ஏறாது. மூடிவிட்டால் அந்த அழுத்தம் கிடைக்காது, டிக்கி ரப்பர் வழியே உள்ளே வந்துவிடும். ஃபில்டர் மட்டும் நல்லதாக இருக்க வேண்டும். மாதாமாதம் வெளியே எடுத்துத் தட்டுகிறோம்.

மதுரை ஏசி மெக்கானிக்: அழுத்தம் பற்றிச் சொன்னது உண்மைதான். ஆனால் தட்டினால் நுண்தூள் போகாது, மடிப்புதான் கிழியும். காற்றடித்தாலும் அப்படியே. மாற்றுவதுதான் வழி. லாரிக்கு நேர் பின்னால் இருக்கும் சில நிமிடங்கள் மூடி, விலகியதும் திறப்பதே என் பழக்கம்.

வடசென்னை: மூடியே ஓட்டாதீர்கள். நாலு பேர் இருக்கும்போது கார்பன் டை ஆக்ஸைடு மீட்டர் வைத்துப் பார்த்தேன். திண்டிவனம் போவதற்குள் 2,500 பி.பி.எம். தாண்டியது, வெளியே 400 சொச்சம்தான். எல்லோருக்கும் தலை கனத்தது.

படப்பைவாசி: சானிடைசர் சோதனை செய்தேன், டக்கென்று மூடியது. அப்புறம் குளோவ்பாக்ஸைக் கழற்றி ஃபில்டரை எடுத்தேன். ஒரு பக்க விளிம்பில் ஸ்பாஞ்சு மடங்கி, விரல் நுழையும் இடைவெளி. அந்தப் பக்கக் கூடெல்லாம் வெள்ளைத் தூள். காற்று ஃபில்டரைச் சுற்றியே போயிருக்கிறது. அம்புக்குறி பார்த்து, விளிம்பு சரியாக உட்காரும்படி புதிது போட்டேன். டாஷ்போர்டில் தூள் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. பின்சீட்டில் மட்டும் இன்னும் படிகிறது. குவாரி அண்ணன் சொன்னதுபோல வெளிக்காற்றில் மூன்று வைத்து ஒரு வாரம் ஓட்டிவிட்டு எழுதுகிறேன். டிக்கி ரப்பர் மாற்றியவர்கள் இருந்தால் எவ்வளவு ஆனது என்று சொல்லுங்கள்.