ஏலகிரியில் இருந்து திரும்பும் பஸ்ஸில் என்ன பாட வைக்கலாம்?

ஐந்தாம் வகுப்பு டீச்சர்: ஏலகிரி போய்விட்டு வேலூர் திரும்பும்போது 42 பிள்ளைகளும் சேர்ந்து பாடுகிற மாதிரி எந்தப் பாட்டு எடுபடும்? போன வருஷம் நான் ஆரம்பித்தது இரண்டு வரியிலேயே நின்றுபோனது.

சத்துவாச்சாரி சார்: பாட்டுக்குப் பாட்டு வைங்க, இந்தப் பக்கம் ஒரு கட்சி அந்தப் பக்கம் ஒரு கட்சி. வேறு எதுவும் வேண்டாம்.

தெம்மாங்கு அக்கா: சார், அதில் பாடுவது நாலு பேர்தான், மீதிப் பேர் "தப்பு, தப்பு" என்று கத்துவார்கள். டீச்சர் கேட்பது எல்லாரும் பாட. அதற்கு ஒருவர் வரி எடுத்து மற்றவர் பதில் சொல்கிற பாட்டுதான் சரி. "ஏலகிரி ஏறினோமே" என்று நீங்கள் பாடினால் அவர்கள் "ஐலசா". "படகுல சுத்தினோமே" - "ஐலசா". பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டியது அந்த ஒரு சொல்தான். நாலு வரி போனதும் வரி எடுக்கிற வேலையை ஒவ்வொரு சீட்டாகக் கொடுங்கள், அன்றைக்குப் பார்த்ததை அவர்களே கட்டுவார்கள். தாளம் இடித்தாலும் பரவாயில்லை, ஐலசா வந்து தூக்கிவிடும்.

ஆம்பூர் அப்பா: எங்கள் பையன் போன டூரில் டிரைவர் சினிமாப் பாட்டை அலறவிட்டு ஸ்பீக்கரே கிழிந்துவிட்டது. நல்ல செட் உள்ள பஸ் எங்கே கிடைக்கும்?

தெம்மாங்கு அக்கா: செட்டை அணைத்தால்தான் அண்ணா பிள்ளைகள் வாயைத் திறப்பார்கள்.

காட்பாடி தம்பி: கடைசி சீட் எப்பவும் பின்தங்கும், சத்தம் அங்கே போய்ச் சேர நேரமாகும்.

தெம்மாங்கு அக்கா: பின்தங்குவது உண்மை தம்பி, காரணம் அது இல்லை. பத்து மீட்டர் பஸ்ஸை சத்தம் ஒரு நொடியில் நூறில் மூன்று பங்குக்குள் கடந்துவிடும். டிரைவர் பக்கத்தில் இருந்து பாடினால் முன்னால் இருக்கிற இன்ஜின் இரைச்சல் குரலை விழுங்கிவிடுகிறது, பின்னால் இருப்பவர்கள் முன் சீட்டைக் கேட்டுத்தான் பாடுகிறார்கள். நடு சீட்டில் உட்கார்ந்து எடுங்கள். டீச்சர், போன வருஷம் நீங்கள் பேசுகிற குரலிலேயே தாழ்வாக எடுத்திருப்பீர்கள். பிள்ளைகள் ராகம் இல்லாமல் முணுமுணுத்தால் தாழ்வு, கத்தினால் உச்சம். நிறுத்திவிட்டு மாற்றி எடுங்கள்.

ஐந்தாம் வகுப்பு டீச்சர்: ஆமாம், முணுமுணுப்புதான்! இறங்கும்போதே ஆரம்பிக்கலாமா?

சத்துவாச்சாரி சார்: வேண்டாம்மா. பதினாலு கொண்டை ஊசி வளைவு. கை தட்டப் போய்க் கம்பியை விட்டுவிடும், பாதி வாந்தி எடுக்கும். வாணியம்பாடி தாண்டட்டும். ஆனால் ஐலசாவை எவ்வளவு நேரம் இழுப்பீர்கள்? பத்து நிமிஷத்தில் சலித்துவிடும், அப்புறம் என் பாட்டுக்குப் பாட்டுதான்.

தெம்மாங்கு அக்கா: சலித்தால் பதிலை "தன்னானே" என்று மாற்றுவேன் சார். பள்ளிகொண்டா டோல்கேட் வரை ஓட்டலாம்.

சத்துவாச்சாரி சார்: அதற்குள் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.